எதிர்த்தரப்புக்குப் போகும் வரைவுக்குள் வேறென்ன போகிறது

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் ஒரு தென்னந்தோப்பு கைமாறும்போது, பல நேரம் விற்பவர் கேரளத்தில் இருப்பார், வாங்குபவர் பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ இருப்பார். விற்பவரின் வக்கீல் சித்தூரில் அல்லது பாலக்காட்டில். கிரய உடன்படிக்கையின் வரைவு ஒரே வேர்டு ஃபைலாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏழெட்டு முறை போய்வரும். ஆங்கிலத்தில் ஒரு வரைவு, அதில் விற்பவருக்குப் புரிவதற்காகத் தமிழில் சில குறிப்புகள், சர்வே நம்பர் விவரம் மட்டும் மலையாளத்தில் என்று கலந்து கிடக்கும். வக்கீல், குமாஸ்தா, டி.டி.பி. சென்டரில் டைப் அடிப்பவர், விற்பவரின் மகன் என்று நாலு பேர் கைபட்ட ஃபைல் அது. அந்த நாலு பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் அதே ஃபைலுக்குள்தான் உட்கார்ந்திருக்கும். எதிர்த்தரப்புக்கு அனுப்பும் நேரத்தில் பிரச்சினை அங்கேதான் வருகிறது.

ஒரு கற்பனை வழக்கையே எடுத்துக்கொள்வோம். நாலு ஏக்கர் தோப்பு, அதாவது 400 சென்ட். முதல் வரைவில் சென்ட்டுக்கு 38,000 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். அனுப்புவதற்கு முன் வக்கீல், "42,000 என்று ஆரம்பிப்போம்" என்று மாற்றச் சொன்னார். குமாஸ்தா மாற்றினார். திருத்தங்களைப் பதிவு செய்யும் ட்ராக் சேஞ்சஸ் ஓடிக்கொண்டிருந்ததால், பழைய எண் சிவப்புக் கோட்டோடு நின்றது. விற்பவரின் மகன் விலை இருந்த வரியின் ஓரத்தில் ஒரு கமெண்ட் போட்டிருந்தார்: "38 வரைக்கும் இறங்கலாம். கூட்டுறவு பேங்க் கடன் மார்ச் 31க்குள்ள கட்டணும், அட்வான்ஸ் சீக்கிரம் வந்தா போதும்." வக்கீல் அதைப் படித்துவிட்டு `Resolve` அழுத்தினார். கமெண்ட் ஓரத்திலிருந்து மறைந்தது. குமாஸ்தா `Review` பகுதிக்குப் போய் `No Markup` என்று வைத்தார். சிவப்புக் கோடுகளும் போய்விட்டன. பக்கம் சுத்தமாக இருந்தது. ஃபைலை மெயிலில் அனுப்பினார்கள்.

கோயம்புத்தூரில் அந்த ஃபைலைத் திறந்த வக்கீல் `All Markup` என்பதைச் சொடுக்கினால் என்ன தெரியும்? 38,000 அடிக்கப்பட்டு 42,000 ஆனது தெரியும். யார் மாற்றினார்கள், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்பதும் தெரியும். கமெண்ட் பட்டியலைத் திறந்தால் கடன் கதையும் கெடு தேதியும் வந்துவிடும். 400 சென்ட்டுக்கு, சென்ட்டுக்கு 4,000 வீதம் 16 லட்சம் ரூபாய் பேரம், பேச ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிட்டது. சித்தூர் வக்கீல் போன் போட்டுக் கேட்டால், "இல்ல ஏட்டா, நான் கிளீன் பண்ணித்தான் அனுப்பினேன்" என்றுதான் குமாஸ்தா சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த திரையில் எதுவும் இல்லை.

`No Markup` என்பது பார்க்கும் விதத்தை மட்டும் மாற்றுகிறது. ஃபைலில் ஒரு எழுத்தைக்கூட அது தொடுவதில்லை. ட்ராக் சேஞ்சஸை அணைத்தாலும் அப்படியே: இனிமேல் செய்யும் திருத்தங்கள் பதிவாகாது, ஏற்கெனவே பதிவானவை இருந்த இடத்திலேயே இருக்கும். `Resolve` என்பது "இந்தப் பேச்சு முடிந்தது" என்று வைக்கும் அடையாளம்தான், அழிப்பது கிடையாது. வேர்டைப் பொறுத்தவரை ஒரு திருத்தம் ஃபைலை விட்டுப் போக இரண்டே வழிதான். `Accept` செய்து ஏற்க வேண்டும், இல்லையென்றால் `Reject` செய்து தள்ள வேண்டும். கமெண்ட் போக ஒரே வழி `Delete`.

இதைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் ஒரு சின்ன வேலை செய்யலாம். .docx என்பது உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். ஒரு நகல் எடுத்து அதன் பெயரின் கடைசியை .zip என்று மாற்றித் திறந்தால் உள்ளே சில ஃபோல்டர்கள் இருக்கும். `word` ஃபோல்டரில் `document.xml` என்பதில் உடன்படிக்கையின் வாசகம் இருக்கும். கமெண்டுகள் `comments.xml` என்ற தனி ஃபைலில் இருக்கும். `document.xml` ஐ நோட்பேடில் திறந்து `w:del ` என்று தேடினால் நம் விலை வரி ஏறத்தாழ இப்படி வந்து நிற்கும்:

```
<w:del w:id="14" w:author="Office2" w:date="2025-02-11T17:42:00Z">
  <w:r><w:delText>38,000</w:delText></w:r>
</w:del>
<w:ins w:id="15" w:author="Office2" w:date="2025-02-11T17:42:00Z">
  <w:r><w:t>42,000</w:t></w:r>
</w:ins>
```

அழித்த எண், போட்ட எண், மாற்றிய கணினியில் வேர்டுக்குக் கொடுத்திருந்த பெயர், நேரம் எல்லாம் பச்சையாக இருக்கிறது. திரையில் எதை மறைத்து வைத்தாலும் இந்த வரிகள் மாறாது. அனுப்பும் நகலில் `w:del `, `w:ins `, இடம் மாற்றியதைக் காட்டும் `w:moveFrom ` மூன்றையும் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்தான் அந்தப் பக்கங்கள் நிஜமாகவே சுத்தம். மேற்குறிப்பிலோ அடிக்குறிப்பிலோ திருத்தம் செய்திருந்தால் அது `header1.xml`, `footnotes.xml` போன்ற வேறு ஃபைல்களில் இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சாட்சிகள் பெயரை அடிக்குறிப்பில் திருத்திவிட்டு நடுப்பக்கத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதில் சிக்கிக்கொள்வார்கள்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2004 மார்ச்சில் அமெரிக்காவில் எஸ்சிஓ என்ற மென்பொருள் நிறுவனம் டைம்லர் கிரைஸ்லர் மீது வழக்குப் போட்டது. அந்த வழக்குரையின் வேர்டு நகல் பத்திரிகையாளர் கைக்குப் போனபோது, மறைந்திருந்த பழைய திருத்தங்களும் கூடவே போயின. முதலில் பிரதிவாதியாக எழுதப்பட்டிருந்தது பேங்க் ஆஃப் அமெரிக்கா என்பது அதிலிருந்து வெளியே வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில், லெபனான் முன்னாள் பிரதமர் ஹரீரி கொலை குறித்த ஐ.நா. விசாரணை அறிக்கையிலும் இதுவே நடந்தது. வெளியிடும் முன் நீக்கிய பெயர்கள் வேர்டு ஃபைலின் திருத்தங்களில் அப்படியே இருந்தன.

சரி, எப்படிச் சுத்தம் செய்வது? பலரும் நேராக `Inspect Document` க்குப் போவார்கள். `File`, `Info`, `Check for Issues` வழியாகப் போனால் அது இருக்கும். நல்ல கருவிதான். கமெண்ட், திருத்தம், ஃபைலின் பண்புகள், மறைத்த எழுத்து எல்லாவற்றையும் தேடிச் சொல்லும், பக்கத்திலேயே `Remove All` என்று பொத்தானும் வைக்கும். ஆனால் அந்தப் பொத்தானை முதலில் அழுத்துவது ஆபத்து. திருத்தங்கள் என்ற வரிசையில் `Remove All` அழுத்தினால், ஃபைலில் உள்ள எல்லாத் திருத்தங்களும் ஏற்கப்பட்டதாகி அடையாளம் மட்டும் போகும். எல்லாம் என்றால் எதிர்த்தரப்பு போட்ட திருத்தங்களும் சேர்த்து. கோயம்புத்தூர் வக்கீல் "பாக்கித் தொகை ஆறு மாதத்துக்குள்" என்பதை "பன்னிரண்டு மாதத்துக்குள்" என்று திருத்தி அனுப்பியிருக்கிறார், நாம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று வையுங்கள். பொத்தானை அழுத்தியதும் பன்னிரண்டு மாதம் நம் சொந்த வாசகமாகிவிடும். சிவப்புக் கோடும் இருக்காது, அதனால் மறுபடி படிக்கும்போது கண்ணில் படாது. ரகசியம் வெளியே போவதைவிட இது சத்தமில்லாமல் நடக்கும் நஷ்டம். நம் கையெழுத்தோடு போகும்.

அதனால் அந்தக் கருவியைக் கடைசியில்தான் தொட வேண்டும். அதற்கு முந்திய வேலை கையால் செய்வது. முதலில் `Save As` போட்டு அனுப்புவதற்கென்று தனி நகல் எடுங்கள். மூலம் எல்லாக் குறிப்புகளோடும் ஆபீசிலேயே இருக்கட்டும், நாளைக்கு "இந்த வரி எப்போது, யார் சொல்லி மாறியது" என்று கேட்டால் அதுதான் பதில் சொல்லும். நகலில் `All Markup` வைத்து, `Show Markup` பட்டியலில் `Specific People` என்பதில் எல்லோர் பெயரும் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். யாராவது முன்பு ஒருவர் திருத்தத்தை மட்டும் பார்க்க மற்றவர்களை எடுத்துவிட்டிருந்தால், மற்றவர்கள் திருத்தம் திரையில் வராது. அந்த நிலையில் `Accept All Changes Shown` அழுத்தினால் தெரிபவை மட்டும் போகும், தெரியாதவை தங்கிவிடும். "எல்லாம் அக்செப்ட் பண்ணியாச்சே" என்று சொல்லியும் எதிர்த்தரப்பு ஏதோ படித்துவிட்டது என்றால், முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு திருத்தமாக நின்று ஏற்கவோ தள்ளவோ வேண்டும். இருபது பக்க உடன்படிக்கைக்கு இது அரைமணி நேரம்கூட ஆகலாம். வக்கீல் செய்ய வேண்டிய வேலை இது, டைப் அடிப்பவரிடம் தள்ளக் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு முடிவு என்பதால் சொல்கிறேன். முடிந்ததும் `Delete All Comments in Document`. இப்போது `Inspect Document` ஓட்டினால், கமெண்டும் திருத்தமும் உள்ள வரிசையில் ஒன்றும் இல்லை என்று டிக் வர வேண்டும். வரவில்லை என்றால் `Remove All` அழுத்தாதீர்கள், திரும்பிப் போய் எது தங்கியது என்று தேடுங்கள். பண்புகள் வரிசையில் மட்டும் `Remove All` அழுத்தலாம்.

அந்தப் பண்புகள் என்னென்ன? ஜிப்பைத் திறந்தால் `docProps` என்ற ஃபோல்டரில் `core.xml`, `app.xml` என்று இரண்டு ஃபைல்கள் இருக்கும். ஃபைலை முதலில் உருவாக்கியவர் பெயர், கடைசியாகச் சேமித்தவர் பெயர், தலைப்பு, நிறுவனப் பெயர், எத்தனை நிமிடம் ஃபைலைத் திறந்து வைத்து வேலை பார்த்தார்கள் என்ற கணக்கு எல்லாம் அதில். இதில் நம் பக்கத்து ஆபீசுகளுக்கு உண்மையான ஆபத்து தலைப்பும் உருவாக்கியவர் பெயரும்தான். எல்லைப் பக்கத்தில் புது உடன்படிக்கையை யாரும் வெள்ளைத் தாளில் ஆரம்பிப்பதில்லை. போன வருடம் வேறு ஒருவருக்கு எழுதியதைத் திறந்து, பெயரும் சர்வே நம்பரும் மாற்றி, `Save As` போடுவார்கள். வாசகத்தில் பழைய பெயரை எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம், ஆனால் தலைப்பில் பழைய கட்சிக்காரர் பெயர் இருந்தால் அது அப்படியே தொடரும். பி.டி.எஃப். ஆக்கினால் அந்தத் தலைப்பும் கூடவே போகும். பிரவுசரில் திறப்பவருக்கு டேபின் மேலேயே அந்தப் பெயர் தெரியும். வேறொரு குடும்பத்தின் சொத்து விவகாரம் உங்கள் ஆபீசில் நடந்தது என்று ஊருக்குச் சொன்னதாகிவிடும்.

பண்புகளை நீக்கிய பிறகு ஒரு விஷயம் நடக்கும், அதைத் தெரிந்து வைத்திருந்தால் குழப்பம் இல்லை. அந்த ஃபைலை இனி எப்போது சேமித்தாலும் பெயர்களை நீக்கிவிட வேண்டும் என்று வேர்டு குறித்துக்கொள்ளும். அதன் பிறகு அந்த ஃபைலில் யார் திருத்தினாலும் சேமித்ததும் பெயர் `Author` என்று மாறிவிடும். இரண்டு பக்கத்து வக்கீலும் `Author` ஆனால் யார் எதை மாற்றினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. அனுப்பும் நகலில் மட்டும் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு நியாயமான கேள்வி வரும். எதிர்த்தரப்பு நாம் என்ன மாற்றினோம் என்று பார்க்கத்தானே வேண்டும்? எல்லாத் திருத்தத்தையும் ஏற்றுச் சுத்தமாக அனுப்பினால், அவர்கள் இருபது பக்கத்தையும் மறுபடி படிக்க வேண்டுமே? ஆமாம், மாற்றத்தைக் காட்டாமல் அனுப்புவது நாணயமும் அல்ல. இதற்கு வழி `Review` இல் இருக்கும் `Compare`. நாம் கடைசியாக அவர்களுக்கு அனுப்பிய வரைவை ஒரு பக்கம் கொடுங்கள், இப்போது சுத்தம் செய்த நகலை மறுபக்கம் கொடுங்கள். வேர்டு இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசங்களைத் திருத்தங்களாகக் காட்டும் மூன்றாவது ஃபைல் ஒன்றைத் தரும். `Label changes with` என்ற பெட்டியில் ஆபீசின் பெயரை மட்டும் போடலாம். நடுவில் நமக்குள் 38-க்கும் 42-க்கும் நடந்த ஊசலாட்டம் இதில் வராது. போன முறை அவர்கள் கண்ட வாசகத்துக்கும் இன்றைய வாசகத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே வரும். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். ஒப்பீட்டு ஃபைலையும் சுத்த நகலையும் சேர்த்து அனுப்புவது வழக்கம்.

நமக்கும் இதில் ஒரு லாபம் இருக்கிறது. எதிர்த்தரப்பு திருப்பி அனுப்பும் ஃபைலையும் அதே மாதிரி ஒப்பிட்டுப் பார்த்தால், அவர்கள் ட்ராக் சேஞ்சஸை அணைத்துவிட்டுச் செய்த மாற்றமும் வெளியே வந்துவிடும். அவர்கள் காட்டும் சிவப்புக் கோட்டை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு அது தெரியாமலே போகும்.

எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் எழுத்துரு. டி.டி.பி. சென்டர்களில் இன்னும் தமிழுக்கு பாமினி, மலையாளத்துக்கு ML-TTKarthika போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் எழுத்து ஆங்கில எழுத்தாகத்தான் ஃபைலில் சேமிக்கப்படுகிறது. பாமினியில் "கடன்" என்று அடித்தால் உள்ளே இருப்பது `fld;`. அனுப்பும் முன் "கடன்", "பேங்க்" என்று யூனிகோடில் தேடிப் பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது, நிம்மதியாக அனுப்பிவிடுவார். கமெண்ட் பெட்டியில் எழுத்துரு கழன்றுபோனால் `fld;` என்று கிறுக்கலாகவே தெரியும், "ஏதோ குப்பை, யாருக்கும் புரியாது" என்று விட்டுவிடுவார்கள். அந்தக் கிறுக்கலை எடுத்து ஒரு பக்கத்தில் ஒட்டி பாமினியைத் தேர்ந்தெடுத்தால் போதும், படித்துவிடலாம். எண்களோ எழுத்துரு இல்லாமலே படிக்கும்படி இருக்கும். தேடிப் பார்த்துத் தீர்மானிப்பது இங்கே உதவாது. இருக்கிறதா இல்லையா என்று எண்ணித்தான் பார்க்க வேண்டும், இருந்தால் நீக்க வேண்டும்.

`Inspect Document` கண்டுபிடித்தாலும் நீக்க முடியாதவையும், கண்டுகொள்ளாதவையும் இருக்கின்றன. தவணைக் கணக்கை எக்ஸெல்லில் போட்டு அதை உடன்படிக்கைக்குள் ஆப்ஜெக்ட்டாகச் செருகினால், தெரியும் நாலு வரி மட்டும் உள்ளே போவதில்லை. முழு எக்ஸெல் புத்தகமும் போகும். மேலே இருமுறை சொடுக்கினால் மற்ற ஷீட்டுகளும் திறக்கும். கணக்கை வேர்டு டேபிளாகவோ படமாகவோ ஒட்டுவதே சரி. நிலவரி ரசீதைப் போனில் படம் எடுத்து, பக்கத்தில் விழுந்திருந்த பேங்க் நோட்டீஸை வேர்டில் கிராப் செய்து மறைப்பதும் அப்படித்தான். வெட்டிய பகுதி ஃபைலிலேயே இருக்கும். `Compress Pictures` இல் `Delete cropped areas of pictures` என்பதை டிக் செய்து சேமித்தால்தான் போகும்.

பி.டி.எஃப். ஆக்கினால் எல்லாம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. திருத்தமும் கமெண்டும் பி.டி.எஃப்.இல் பின்னால் ஒளிந்திருப்பதில்லை, அது உண்மை. ஆனால் வேர்டு `All Markup` நிலையில் இருக்கும்போது பி.டி.எஃப். எடுத்தால், அவை பக்கத்தின் ஓரத்திலேயே அச்சாகி வந்துவிடலாம். சேமிக்கும்போது `Options` இல் `Document` என்பதையும், பக்கத்தில் `Document properties` டிக் எடுத்திருப்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பேரம் நடக்கும்போது எதிர்த்தரப்பு வேர்டு ஃபைல்தான் கேட்கும், அதனால் பி.டி.எஃப். கையெழுத்துப் படிக்கு மட்டுமே முழுப் பாதுகாப்பு.

இன்னொரு எல்லையும் சொல்ல வேண்டும். இந்தச் சுத்தம் எல்லாம் நாம் எழுதி அனுப்பும் வரைவுக்குத்தான். ஒரு ஃபைலே வழக்கில் சான்றாக இருந்தால், உதாரணமாக எதிரி முன்பு மெயிலில் அனுப்பிய உடன்படிக்கை, அதைத் தொடவே கூடாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு தரும் சான்றிதழில், ஃபைலின் விரல்ரேகை போன்ற ஹேஷ் மதிப்பும் குறிக்க வேண்டும். ஃபைலைத் திறந்து ஒரு முறை சேமித்தாலே அது மாறிவிடும்.

அனுப்பிய பிறகு தெரிந்தால்? அதே சட்டத்தின் 132ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவுக்குப் பதிலாக வந்தது. கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது என்கிறது. அது வக்கீலின் வாயைக் கட்டுகிறதே தவிர, தானாகக் கைக்கு வந்ததை எதிர்த்தரப்பு மறந்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. முறையற்ற வழியில் கிடைத்தது என்பதற்காக மட்டும் பொருத்தமான சான்றைத் தள்ள வேண்டியதில்லை என்று 1973இல் பூரன் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகளில், தவறுதலாக வந்த ஃபைல் என்று தெரிந்தால் அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும் என்று 4.4(b) விதி இருக்கிறது. இங்கே ஒரு விற்பனைப் பேரத்தில் அந்த அளவு பிடிமானத்தை எதிர்பார்க்க முடியாது.

மெயிலைத் திரும்பப் பெறுவதும் வாட்ஸாப்பில் அழிப்பதும் ஏற்கெனவே இறக்கி வைத்த நகலைத் தொடாது. அதனால் அன்றைக்கே எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போன் செய்து, "சார், உள்குறிப்போட ஃபைல் வந்துடுச்சு, அதை நீக்கிட்டு இப்ப அனுப்புறதை வெச்சுக்குங்க" என்று சொல்லி, அதையே எழுத்தாகவும் அனுப்ப வேண்டும். எழுத்தில் அந்தக் குறிப்பில் என்ன இருந்தது என்று எழுதாதீர்கள், அவர் இன்னும் பார்க்காமலும் இருக்கலாம். அதே மாலையில் கட்சிக்காரரைக் கூப்பிட்டு நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் 42,000-ஐப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா, அல்லது மார்ச் கெடுவை வங்கியோடு பேசித் தள்ளிவைத்து அந்த அவசரத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று அப்போது முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான்.